லேசான வேலை

பத்தொன்பது வருடங்களாக அவள் செய்துவந்தது ஒரே வேலை. ஆளை விழுங்கும் அளவுள்ள சலவை இயந்திரத்தின் வயிற்றிலிருந்து ஈரப் படுக்கை விரிப்புகளை இழுத்து வெளியே போடுவது. நகரத்தின் மூன்று ஆஸ்பத்திரிகளின் துணியும் அந்தச் சலவைக்கூடத்துக்குத்தான் வரும். சுழன்று சுழன்று ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு கிடக்கும் விரிப்புகளில் ஒரு நுனியைத் தேடிப் பிடித்து, காலை ஊன்றி, முதுகை வளைக்காமல் இழுக்க வேண்டும். முதல் விரிப்பு வரத்தான் அடம்பிடிக்கும். அது வந்துவிட்டால் மற்றவை ஒவ்வொன்றாகப் பின்னால் வரும்.

ஒருமுறை துணி நிரம்பிய தள்ளுவண்டி அவள் பாதத்தின் மேல் ஏறி இறங்கியது. அவள் அந்த இயந்திரத்தைக் காலிசெய்து முடித்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றிப் பார்த்தாள். கட்டைவிரல் நகம் கறுத்திருந்தது. அன்றிலிருந்து அவளுக்கு 'இரும்பு' என்று பெயர் விழுந்தது. சின்னவர்கள் இரும்பக்கா என்றார்கள். சம்பளச் சீட்டில் இருந்த பெயரை அவளே அபூர்வமாகத்தான் பயன்படுத்தினாள்.

அந்த இரும்புக்கு வலது தோள் பிடித்துக்கொண்டது ஒரு சாதாரண மதியத்தில். விழவில்லை, அடிபடவில்லை. இழுத்தாள், உள்ளே ஏதோ சுரீர் என்றது, கை மேலே எழவில்லை. டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். தசைநாரில் சின்னக் கிழிசல், ஆறு வாரத்தில் ஆறிவிடும் என்றார். 'மூன்று மாதத்துக்குக் கனமான பொருள் தூக்கக் கூடாது' என்று எழுதிக் கொடுத்தார்.

சீட்டைப் பார்த்த மேற்பார்வையாளர் முதலில் சொன்னது, "ஐயோ பாவம்." யாருக்கு எது நடந்தாலும் அவர் சொல்வது அதுதான். கொதிகலன் பழுதானாலும் ஐயோ பாவம், கொதிகலனைப் பழுதுபார்க்க வந்தவனுக்குக் கை சுட்டாலும் ஐயோ பாவம். அவர் பெயரே அதுவாகிப் போயிருந்தது. ஆனால் மனுஷர் கெட்டவர் இல்லை. அன்று அவளுக்காக அலுவலகத்தில் போய் வாதாடிவிட்டுத்தான் வந்தார்.

"உனக்கு நல்ல இடம் புடிச்சுக் குடுத்திருக்கேம்மா. வெளிச்ச மேசை. ஒரு கிலோ துணிகூடத் தூக்க வேண்டாம். ராணி மாதிரி உக்காந்து பாத்து மடிச்சு வச்சாப் போதும்."

"எத்தனை மணிக்குங்க வரணும்?"

"நாலு."

"சாயங்காலமா?"

"விடியக்காலை. ஆபரேஷன் தியேட்டர் துணியெல்லாம் ஏழு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போயாகணுமே. அந்த வேலை அந்த நேரத்துல மட்டும்தான் இருக்கு. ஆனா லேசான வேலைம்மா."

லேசான வேலைதான். அதை யாரும் மறுக்க முடியாது. கண்ணாடி மேசைக்கு அடியில் குழல்விளக்குகள் எரியும். அறுவைசிகிச்சைத் துணியை அதன்மேல் விரித்தால் ஊசிமுனை ஓட்டைகூட நட்சத்திரம் போல் தெரியும். ஓட்டை இருந்தால் ஒதுக்க வேண்டும், இல்லாவிட்டால் மடிக்க வேண்டும். பதினொரு மணிக்கு வேலை முடிந்துவிடும்.

நாலு மணி வேலைக்கு மூன்றேகாலுக்குக் கம்பெனி வண்டி தெருமுனைக்கு வரும். அதற்கு இரண்டே முக்காலுக்கு எழுந்தாக வேண்டும். வீட்டில் ஒரு கூடம், ஓர் அறை. பஸ் ஓட்டும் கணவர் இரண்டாவது ஷிப்ட் முடித்து வரும்போது பத்தே முக்கால். அவர் சாப்பிட்டு, கைகழுவி, பாத்திரம் ஒதுக்கி வைத்து முடிக்கப் பதினொன்றேகால். பத்தாம் வகுப்புப் பெண் கூடத்து விளக்கில் பன்னிரண்டு வரை படிப்பாள். அறைக்குக் கதவு கிடையாது, திரைதான். முன்பு மதிய வேலையில் இருந்தபோது இரவு ஒன்பதுக்கு முடித்து வந்து, பதினொன்றரைக்குப் படுத்து, ஏழுக்கு எழுவாள். படுக்கும் நேரம் இப்போதும் ஏறக்குறைய அதேதான். எழும் நேரம்தான் நாலு மணி நேரம் முன்னால் வந்திருந்தது.

பகலில் தூங்கலாமே என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் முயன்று பார்த்தாள். பக்கத்துக் கட்டடத்தில் இரும்புக் கதவு செய்யும் பட்டறை. அறுக்கும் சத்தம் நின்றால் தட்டும் சத்தம் தொடங்கும். அரைமணி கண்ணயர்வதே பெரிய பாடாக இருந்தது.

ஆறு வாரத்தில் தோள் ஆறியது. டாக்டர் சொன்ன வாக்கு தவறவில்லை. ஆனால் அதே ஆறு வாரத்தில் உடம்பின் மற்ற இடங்களெல்லாம் முறை வைத்துக்கொண்டு வலிக்கத் தொடங்கியிருந்தன. விடியும்போது நெற்றிப்பொட்டில் தொடங்கும் தலைவலி, வெளிச்ச மேசை முன் குனிந்ததும் பின்மண்டைக்குப் போய்ப் பட்டையாகக் கட்டிக்கொள்ளும். இடுப்பு, முழங்காலுக்குக் கீழ், உள்ளங்கை. எந்த அடியும் படாத இடங்கள். நாலு மணித் தேநீரோடு ஒரு வலி மாத்திரை, ஒன்பது மணிக்கு இன்னொன்று என்று பழகிக்கொண்டாள்.

"என்ன இரும்பக்கா, உக்காந்ததும் துருப் புடிச்சுட்டீங்களா?" என்று மடிப்புப் பிரிவில் ஒருத்தி சிரித்தாள்.

"ஆமாடி. உன் வாயில இருக்கிற எண்ணெயைக் கொஞ்சம் விடேன்" என்று இவளும் சொன்னாள். ஆனால் அந்தக் கேலி அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கனம் இழுத்த காலத்தில் வலிக்காத உடம்பு, துணி மடிக்கையில் ஏன் வலிக்கிறது? தோளில் கிழிசல் என்று சொல்லி வேறு ஏதோ பெரிய வியாதியை மறைக்கிறார்களோ? இல்லை, சுகம் கண்ட உடம்பு நடிக்கிறதோ? இரண்டில் எது என்று தெரியாமல் இரண்டுக்குமே பயந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் பின்னாலிருந்து வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஏதோ பரீட்சையில் நல்ல மதிப்பெண். அந்தக் கைகள் பட்ட இடம் புண்ணில் கைவைத்தது போல் எரிந்தது.

"தொடாதடி! எத்தனை தடவை சொல்றது!"

உண்மையில் ஒருதடவைகூட அவள் அதற்குமுன் அப்படிச் சொன்னதில்லை. பெண் கையை எடுத்துக்கொண்டாள். அழவில்லை. அதற்குப் பிறகு அவள் அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்தாலும் டம்ளரை மேசையில் வைத்துவிட்டுப் போனாள், கையில் கொடுக்கவில்லை.

மூன்று மாதம் முடிந்ததும் அலுவலகம் கேட்டது: தோள் ஆறிவிட்டதென்றால் ஏன் முழு வேலைக்குத் திரும்பவில்லை? அவள் உடம்பெல்லாம் வலிக்கிறது என்றாள். அவர்கள் அவளைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். கம்பெனி ஏற்பாடு செய்திருந்த ஒரு மருத்துவமனையின் மூன்றாம் மாடியில், உடற்பயிற்சிச் சிகிச்சை தரும் ஒரு பெண் இருந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கையில் ஒரு கருவி வைத்திருந்தாள். முனையில் ரப்பர் வில்லை, மேலே கடிகாரம் போல், அழுத்தத்தைக் கிலோவில் காட்டும் ஒரு முள்.

"நான் மெதுவா அழுத்திக்கிட்டே போவேன் அக்கா. எவ்வளவு தாங்குறீங்கன்னு பாக்கல. அழுத்தம்ங்கிறது வலியா மாறுற அந்த நொடியில 'போதும்'னு சொல்லுங்க."

தோளில் அழுத்தினாள், கழுத்தில் அழுத்தினாள், கடைசியில் முழங்காலுக்குக் கீழே முன்பக்கச் சதையில் அழுத்தினாள். காலில் இவளுக்கு எந்தக் காயமும் கிடையாது. ஒப்பிட்டுப் பார்க்கத்தான். முதல் பரிசோதனை ஒரு திங்கட்கிழமை. கொதிகலன் பழுதுக்காகச் சலவைக்கூடம் நாலு நாள் மூடியிருந்து மறுநாள்தான் திறக்கவிருந்தார்கள். காலில் நாலரை வரை முள் போனது. இரண்டாவது பரிசோதனை அதே வாரம் வெள்ளிக்கிழமை. வேலை முடித்து நேராக வந்தாள். அதே காலில் மூன்றைத் தாண்டும் முன்பே "போதும்" என்றாள்.

சிகிச்சைப் பெண் படிவத்தில் எழுதியது ஒரே வரி: 'ஒரே வாரத்தில் ஒரே இடத்தில் அளவு பெரிதும் மாறுகிறது, வலியை மிகைப்படுத்துவதாகத் தோன்றுகிறது.'

அந்த வரியை அவளுக்கு வாசித்துக் காட்டியவர் ஐயோபாவம்தான். வாசித்துவிட்டு வழக்கமான வார்த்தையைச் சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டார். "இன்னும் ஒரு பரிசோதனை இருக்கும்மா. அதுலயும் இப்படி வந்தா ஒத்துழைக்கலன்னு எழுதி அனுப்பிடுவாங்க."

"அனுப்பிடுவாங்கன்னா?"

"வீட்டுக்கு."

பத்தொன்பது வருடத்தில் ஒரு விரிப்பைக்கூட அவள் தரையில் போட்டதில்லை. வேலை போவது ஒரு பக்கம். பொய் சொல்லிப் போனவள் என்று போவது இன்னொரு பக்கம். அன்று வண்டியில் வீட்டுக்கு வரும்போது அவளுக்குத் தோன்றியது இதுதான்: அடுத்த முறை முள் நாலரைக்குப் போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால் என்ன? அப்படி இருந்தால்தான் தான் சொல்வது உண்மை என்று நம்புவார்கள்.

மூன்றாவது பரிசோதனைக்குப் போன நாளுக்கு முந்தைய இரவு மூன்று மணி நேரம்தான் தூங்கியிருந்தாள். சிகிச்சைப் பெண் முதலில் அழுத்திப் பார்த்தாள். பல்லைக் கடித்தும் பயனில்லை. கால் தானாகவே உதறிக்கொண்டு பின்னால் போனது. இரண்டே முக்கால். அந்தப் பெண் உதட்டைச் சுழித்துக்கொண்டு எண்ணைக் குறித்தாள். பிறகு தோளுக்குச் சூட்டுப் பை வைத்துவிட்டு, "பத்து நிமிஷம் அக்கா" என்று சொல்லித் திரையை இழுத்துவிட்டுப் போனாள்.

அறை இருட்டாக இருந்தது. பட்டறை இல்லை, விளக்கு இல்லை, திரைக்கு அப்பால் யாரும் பாடம் ஒப்பிக்கவில்லை. அவள் அடித்துப் போட்டாற்போல் தூங்கிப்போனாள்.

விழித்தபோது சூட்டுப் பை எப்போதோ எடுக்கப்பட்டு, அவள்மேல் ஒரு விரிப்பு போர்த்தியிருந்தது. சுவர்க் கடிகாரத்தில் ஒன்றரை மணி நேரம் ஓடியிருந்தது. அலறிப்புடைத்து எழுந்தாள்.

"அய்யோ, மன்னிச்சுக்கங்கம்மா. எழுப்பக் கூடாதா?"

"அடுத்து வர வேண்டியவங்க வரல. நீங்க குறட்டை விட்டதுல எழுப்ப மனசு வரல" என்றாள் அந்தப் பெண். "சும்மா ஒருதடவை காலைக் காட்டுங்க."

அழுத்தினாள். முள் மூன்றைத் தாண்டியது. மூன்றரையைத் தாண்டியது. "போதும்" என்று இவள் சொன்னபோது ஏறத்தாழ நாலு.

இருவருமே அந்த எண்ணைப் பார்த்தார்கள். இவள் கைகூப்பினாள். "சத்தியமா நான் நடிக்கலம்மா. அப்ப வலிச்சது. இப்ப அவ்வளவா வலிக்கல. மறுபடி மாறிடுச்சே. இதையும் எழுதிடாதீங்க."

வலி குறைந்ததற்காக ஒருத்தி கைகூப்பி நிற்பதை அந்தப் பெண் அதற்குமுன் பார்த்ததில்லை. கருவியைத் துடைத்து வைத்தாள்.

"நேத்து எத்தனை மணிக்குத் தூங்குனீங்க?"

"பதினொண்ணே முக்கால் இருக்கும்."

"எழுந்தது?"

"ரெண்டே முக்கால். தினமும் அப்படித்தான். லேசான வேலைல போட்டதுல இருந்து."

"முதல்தடவை வந்தீங்களே, அந்தத் திங்கக்கிழமை?"

"அதுக்கு முன்னாடி நாலு நாள் லீவு. ஏழு மணி வரைக்கும் தூங்குனேன்."

அந்தப் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இதை நான் முதல் நாளே கேட்டிருக்கணும் அக்கா. கேட்கல. எழுதிட்டேன்."

"தூக்கத்துக்கும் காலுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"உங்க மெஷின் ரூமுக்குக் கதவு இருக்கா?"

"இருக்கு. கனமான கதவு."

"அதைச் சாத்தினா வெளிய சத்தம் கம்மியாத்தானே கேக்கும்? திறந்து வச்சா காது கிழியும். மெஷின் ஓடுறது அதே ஓட்டம்தான். வலியும் கொஞ்சம் அப்படி. உடம்புல இருந்து வர்ற சேதியை எல்லாம் மூளை அப்படியே உள்ள விடாது, பாதியைத் தடுத்து அமுக்கும். தூக்கம் குறைஞ்சா, அதுவும் நாள்கணக்கா குறைஞ்சா, அந்தத் தடுப்பு தளந்துபோகும். வலியை உணர்ற பக்கம் கூடுதலா முழிச்சுக்கும். முன்னாடி அழுத்தமா மட்டும் தெரிஞ்சது இப்ப வலியாத் தெரியும். காயமே இல்லாத கால்லகூட."

"அப்ப எனக்கு நிஜமா வலிக்கலையா?"

"நிஜமாத்தான் வலிக்குது. உங்க கால்ல ஒண்ணும் கெடல, அவ்வளவுதான். ரெண்டும் ஒரே நேரத்துல உண்மையா இருக்கலாம்."

மாத்திரையைப் பற்றிக் கேட்டாள். தினம் இரண்டு என்றதும் முகம் மாறியது. "மாசத்துல பாதி நாள் போட்டாலே மாத்திரையே தலைவலியைக் கொண்டுவர ஆரம்பிச்சுடும். டாக்டர்கிட்டக் கேட்டுக் குறைச்சுக்கங்க. இன்னொண்ணு, ஒரு மத்தியானத் தூக்கத்தை வச்சு நான் எதையும் நிரூபிச்சுட முடியாது. ரெண்டு வாரம் எழுதுங்க. எத்தனை மணி நேரம் தூங்குனீங்க, என்ன வேலை செஞ்சீங்க, பத்துக்கு எத்தனை வலி. மாத்தி எழுதாதீங்க."

நாள்காட்டியில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் அவள் எழுதினாள். மூன்றரை மணி, மடிப்பு, வலி ஏழு. மூன்று மணி, மடிப்பு, எட்டு. கணவருக்கு விடுமுறை வந்த நாளில் எட்டு மணிக்கே படுக்க முடிந்தது: ஆறரை மணி, மடிப்பு, ஐந்து. இரண்டாவது வாரத்தில் ஒருநாள், பட்டறையும் மூடியிருந்த வார விடுமுறையில் இரவும் பகலுமாகத் தூங்கி எழுந்த மறுநாள், ஈரத் துணிப் பிரிவில் இரண்டு பேர் வரவில்லை. ஐயோபாவம் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார். "கேக்கக் கூடாதுதான்மா..." அவள் எழுந்து போய் இரண்டு மணி நேரம் விரிப்பு இழுத்தாள். அன்று எழுதியது: ஏழரை மணி, ஈர விரிப்பு, மூன்று. எழுதியபிறகு அந்த மூன்றை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கனம் தூக்கிய ஒரே நாள்தான் அந்தத் தாள்களில் வலி மிகக் குறைந்த நாள்.

சிகிச்சைப் பெண் இரண்டு பக்கக் கடிதம் எழுதினாள். முதலில் எழுதிய வரி தவறு என்று ஒப்புக்கொண்டாள். தோள் ஆறிவிட்டது, உடம்பு வலிக்கும் தலைவலிக்கும் இரவுத் தூக்கம் பாதியாகக் குறைந்ததே முக்கியக் காரணமாகத் தெரிகிறது, வேலை நேரத்தை மாற்ற வேண்டும், கனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும் என்று எழுதினாள். இரும்பு அதை உறையோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு போனாள்.

அலுவலகத்தில் கண்ணாடி போட்ட ஒருவர் கடிதத்தை முழுக்கப் படித்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"உங்க கஷ்டம் புரியுது. ஆனா இந்தப் படிவத்துல ரெண்டு கட்டம்தான் இருக்கு. ஒண்ணு, லேசான வேலை. அது விடியக்காலை மட்டும்தான். இன்னொண்ணு, முழு வேலை. கொஞ்சம் கொஞ்சமா கூட்டுறதுக்குக் கட்டம் இல்ல. தூக்கத்துக்கும் இல்ல."

"அப்ப மதிய ஷிப்ட்?"

"தாராளமா. ஆனா முழு வேலைன்னா, உடம்புல எந்த வலியும் இல்லன்னு நீங்க கையெழுத்துப் போடணும். பின்னால தோள் வலின்னு வந்தா கம்பெனி பொறுப்பு எடுக்காது."

"முன்னாடி எழுதுன அந்த வரி? நான் பொய் சொல்றேன்னு..."

"அது கோப்புல இருக்கும். இந்தக் கடிதத்தையும் அதுக்குப் பின்னால சேத்துடறோம்."

ஐயோபாவம் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவர் முகம் சுண்டிப்போயிருந்தது. "நல்லதுன்னு நெனச்சுத்தானேம்மா அங்க போட்டேன்" என்றார். "தெரியும்ணே" என்றாள். அவர்மேல் கோபப்பட முடிந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கையெழுத்துப் போடும்போது அவளுக்கு உடம்பெல்லாம் வலித்தது. முந்தைய இரவு மூன்றரை மணி நேரம். பேனாவைப் பிடித்த விரல்கணுக்கள்கூட வலித்தன. 'எனக்கு எந்த வலியும் இல்லை' என்ற வாக்கியத்துக்குக் கீழே, சம்பளச் சீட்டில் இருக்கும் பெயரை எழுத்துக்கூட்டி எழுதினாள்.

மதிய வேலைக்குத் திரும்பிய முதல் சில நாட்களில் மாற்றம் எதுவும் தெரியவில்லை. மாத்திரையை டாக்டர் சொன்னபடி நிறுத்தியதில் தலைவலி கூடத்தான் செய்தது. இரண்டாவது வாரம் நெற்றிப்பொட்டு அமைதியானது. மூன்றாவது வாரம், குளிக்கும்போது, தன் கால்களைப் பற்றிக் காலையிலிருந்து ஒருமுறைகூட நினைக்கவில்லை என்பது உறைத்தது. பெண்ணிடம் ஒருநாள், "வந்து பக்கத்துல உக்காரேன்" என்றாள். உட்கார்ந்தாள். ஒரு சாண் இடைவெளி விட்டு.

நாலாவது மாதத்தில் தோள் மீண்டும் பேசத் தொடங்கியது. இந்த வலி வேறு என்று அவளுக்குத் தெரிந்தது. தூங்கி எழுந்தாலும் அது அங்கேயே இருந்தது. மாலை ஆறு மணிக்கு மேல், நாலாவது இயந்திரத்தைக் காலிசெய்யும்போது, ஒரே புள்ளியில், ஒரு ரூபாய் நாணயத்தின் அளவில் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டியிருந்தால் வந்திருக்காதோ என்னவோ. சிகிச்சைப் பெண்ணிடம் போய்க் காட்டலாம். அவள் அழுத்திப் பார்ப்பாள், இந்த முறை நம்பவும் செய்வாள், எழுதுவாள். எழுதியது அலுவலகத்துக்குப் போகும். அங்கே கையெழுத்து இருக்கிறது.

"என்னம்மா, கையை மாத்திப் புடிக்கிற?" என்று கேட்டார் ஐயோபாவம், வரிசையைப் பார்த்துக்கொண்டே போனவர்.

"சும்மாதாண்ணே. இந்தப் பக்கம் நுனி கெடைச்சுது."

அவர் ஒரு நொடி நின்றார். அவள் வலது தோளைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டு அடுத்த இயந்திரத்துக்குப் போனார். அவள் இடது கையால் விரிப்பைச் சுற்றிப் பிடித்து, காலை ஊன்றி இழுத்தாள். முதல் விரிப்பு அசையவில்லை.